நாப்கின் வைத்தால் ஏன் புண்ணாகிறது?

மாதவிடாயின் மூன்றாம் நாள் மாலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பாத்ரூமில் தண்ணீர் பட்டதும் தொடை இடுக்கு சுரீரென்று காந்துகிறது. குனிந்து பார்த்தால் இரண்டு பக்கமும் தோல் சிவந்து, சில இடங்களில் வழன்றிருக்கிறது. பெரும்பாலும் அடுத்த நாளே முடிவுக்கு வந்துவிடுகிறோம்: "இந்த நாப்கின் எனக்கு ஒத்துக்கல." அடுத்த மாதம் வேறு பிராண்ட். அதற்கடுத்த மாதம் வேப்பிலை படம் போட்ட ஒன்று. காந்தல் மட்டும் மாறுவதில்லை.

பிராண்டைக் குறை சொல்வதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். எரிச்சல் எந்த இடத்தில் வருகிறது? எப்போது தொடங்கி எப்போது அடங்குகிறது? இந்த இரண்டுக்கும் சரியான பதில் தெரிந்தால் காரணத்தில் பெரும்பகுதி தெரிந்துவிடும். அதை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு புது நாப்கினை எடுத்து, ஒரு செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்துப் பிரித்துப் பாருங்கள். மேலே தோலைத் தொடும் ஒரு மெல்லிய ஏடு இருக்கும். அது பொட்டுப் பொட்டாக ஓட்டை போட்ட பிளாஸ்டிக் படலமாக இருக்கலாம், அல்லது துணி போலத் தோன்றும் பாலிபுரொப்பிலீன் இழையாக இருக்கலாம். உறையில் "காட்டன் போன்ற மென்மை" என்று எழுதியிருந்தால் "போன்ற" என்ற சொல்லைக் கவனியுங்கள். அது தொடும்போது எப்படி இருக்கும் என்று சொல்கிறது, எதனால் செய்தது என்று சொல்லவில்லை. அதற்குக் கீழே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருப்பதும் பெரும்பாலும் பஞ்சு அல்ல, மரக்கூழ். மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்த கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தமும் ஆரம்பத்தில் பஞ்சு என்று நினைத்துத்தான் செய்து பார்த்தார். கடை நாப்கினுக்குள் இருப்பது மரத்திலிருந்து எடுத்த செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்க அவருக்கு நெடுநாள் பிடித்தது. மெல்லிய நாப்கின்களில் மரக்கூழோடு சர்க்கரை போன்ற குருணையும் கலந்திருக்கும். அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் வெந்த ஜவ்வரிசி போல உப்பிக் கூழாகும். ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுதான்.

கடைசி அடுக்கு பாலித்தீன். உடையில் கறை படாமல் காப்பது அதன் வேலை. ஆனால் உள்ளேயிருந்து ரத்தம் வெளியே போகாமல் தடுக்கும் படலம் பெரும்பாலும் வியர்வை ஆவியையும் போகவிடாது. மே மாதத்துச் சென்னையில், பேருந்தில் ஒரு மணி நேரம் பாலித்தீன் மேல் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்குமோ, அதை அந்த இடத்துத் தோல் நாள் முழுக்க அனுபவிக்கிறது.

நாப்கின் எரிச்சலில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. விஷமும் இல்லை, தொற்றும் இல்லை. ஈரம், சூடு, உரசல், நேரம், இந்த நான்கும் சேர்ந்து செய்கிற வேலை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தால் விரல் நுனி ஊறிச் சுருங்குகிறது அல்லவா? அப்படி ஊறிய தோலைச் சொரசொரப்பான எதிலாவது தேய்த்தால் உடனே வழன்றுவிடும். அதே தோல் காய்ந்திருந்தபோது ஒன்றும் ஆகியிருக்காது. ஊறிய தோலின் மேல் உரசலும் அதிகம். ஈரத் துணி உடம்பில் ஒட்டி இழுப்பதை நினைத்துப் பாருங்கள். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, அதுதான் அதற்குக் காவல். ரத்தத்தின் பி.எச். அளவு சுமார் 7.4, அதாவது சற்றுக் காரப் பக்கம். மணிக்கணக்கில் அது தோலில் பட்டுக்கொண்டிருந்தால் அந்தக் காவல் தளர்கிறது. குழந்தைக்கு டயப்பரை மாற்றாமல் விட்டால் பின்பக்கம் சிவந்து புண்ணாவது போலத்தான் இதுவும்.

இடத்தைப் பார்ப்பது

சரி, கண்ணாடியை எடுங்கள். சிறிய கைக்கண்ணாடி போதும். வெட்கப்பட ஒன்றும் இல்லை, உங்கள் உடம்புதான்.

உரசலால் வந்த எரிச்சல், நாப்கின் தொட்ட இடத்தின் அச்சு போல இருக்கும். வெளி உதடுகளின் மேடான பகுதி, உள்தொடையில் விங்ஸ் மடிந்து உரசும் கோடு, பின்னால் நாப்கின் முடியும் இடம். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி. விரலால் மடிப்பை விரித்துப் பார்த்தால், மடிப்பின் ஆழத்தில், நாப்கின் எட்டாத இடத்தில், தோல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அரிப்பைவிடக் காந்தலும் எரிச்சலும்தான் மேலோங்கும்.

பூஞ்சைத் தொற்று இதற்கு நேர் எதிர். அதற்கு மடிப்பின் ஆழம்தான் பிடிக்கும். தொடை இடுக்கின் உள்ளே சிவந்து ஈரமாக இருக்கும், அதைச் சுற்றித் தனித்தனியாகச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெறித்தது போல இருக்கும். அது கேண்டிடா வகைப் பூஞ்சையின் அடையாளம். ஓரம் மட்டும் தடித்துச் செதிலாகி, நடுவில் தெளிந்து, வட்டமாகப் பரவிக்கொண்டே போனால் அது படர்தாமரை. இந்த இரண்டும் நாப்கின் கொடுத்த ஈரத்தில் வளர்ந்திருக்கலாம், ஆனால் நாப்கினை நிறுத்தினால் மட்டும் போகாது. உள்ளே அரிப்பும், தயிர் திரிந்தது போல வெள்ளைப்படுதலும் இருந்தால் அதுவும் நாப்கின் எரிச்சல் அல்ல.

நேரத்தைப் பார்ப்பது

உரசல் எரிச்சல் சேர்ந்து சேர்ந்து வருவது. முதல் நாள் ஒன்றும் தெரியாது, இரண்டாம் நாள் லேசாகக் கடுகடுக்கும், மூன்றாம் நாள் நடக்கவே சிரமமாக இருக்கும். நாப்கினை நிறுத்தியதும் அடங்கத் தொடங்கி, சில நாட்களில் தோல் லேசாக உரிந்து சரியாகிவிடும்.

ஒவ்வாமை வேறு ரகம். அது உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரு குறிப்பிட்ட பொருளை அடையாளம் வைத்துக்கொண்டு சண்டைக்கு வருவது. பல வருடம் பயன்படுத்திய அதே நாப்கினுக்கே ஒருநாள் தொடங்கலாம். "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்பதால் அது ஒவ்வாமை இல்லை என்றாகாது. அந்தப் பொருள் பட்ட உடனேயே வராது, பெரும்பாலும் ஒன்று இரண்டு நாள் கழித்துத்தான் எழும். அப்புறம் காந்தலைவிட அரிப்பு முன்னால் நிற்கும், தூக்கத்தைக் கெடுக்கிற அரிப்பு. நாப்கின் தொட்ட எல்லையைத் தாண்டித் தொடையிலும் பரவும். நாப்கினை நிறுத்திய பிறகும் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று இழுக்கும். அடுத்த மாதம் கொஞ்ச நேரம் மட்டும் வைத்தாலும் திரும்ப வந்துவிடும். உரசல் எரிச்சலுக்கு நேரம் முக்கியம். ஒவ்வாமைக்குச் சிறிதளவு பட்டாலே போதும்.

எந்தப் பொருளுக்கு வருகிறது? நாப்கினில் பெரும்பாலும் குற்றவாளி வாசனைப் பொருளும் ஒட்டும் பசையும்தான். சில பசைகளில் பைன் மரத்துப் பிசின் சேர்ந்திருக்கும், அது தோல் மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த பழைய ஒவ்வாமைப் பொருள். ஆனால் நாப்கினைச் சந்தேகிக்கும் பலர் கூடவே பயன்படுத்தும் இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள்: ஈர டிஷ்யூ, அதாவது வெட் வைப்ஸ். அது கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பொருளை, 2013இல் அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள் என்றே அறிவித்தது. நாப்கின் மாற்றும்போதெல்லாம் அந்த டிஷ்யூவால் துடைப்பவருக்கு, எரிச்சல் நாப்கினோடு வந்து நாப்கினோடு போவது போலவே தோன்றும்.

ஒரு பெண்ணின் ஒரு மாதம்

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. காலை எட்டு மணிக்கு வீட்டில் நாப்கின் வைத்துக்கொண்டு கிளம்புகிறாள். நாள் முழுக்க நின்றபடியும் நடந்தபடியும் வேலை. (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தினார்கள். தீபாவளி நேரத்தில் அந்த இருக்கைகள் என்ன ஆகின்றன என்பது வேறு கதை.) மதியம் இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குப் போகிறாள், ஆனால் நாப்கினை மாற்றுவதில்லை. காரணம் சோம்பல் அல்ல, அங்கே குப்பைக்கூடை இல்லை. அதனால்தான் அவள் இருப்பதிலேயே பெரிய, "நாள் முழுதும் கசியாது" என்று விளம்பரம் செய்கிற அளவை வாங்குகிறாள். மாலை ஆறு மணிக்குத்தான் இரண்டாவது. அதாவது முதல் நாப்கின் பத்து மணி நேரம்.

மூன்றாம் நாள் உள்தொடையில் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு. வெளி உதடு காந்துகிறது, சிறுநீர் பட்டால் எரிகிறது. இரவில் அரிப்பு இல்லை. வெள்ளைப்படுதலில் மாற்றம் இல்லை. எட்டாம் நாள் தோல் காய்ந்து உரிந்து சரியாகிவிட்டது. அடுத்த மாதம் அதே கதை. இரண்டு பிராண்ட் மாற்றினாள், பலன் இல்லை. மூன்றாவதாக மூலிகை வாசனை உள்ள ஒன்றை வாங்கினாள், அது இன்னும் மோசம்.

இப்போது அச்சையும் கடிகாரத்தையும் வைத்துப் படியுங்கள். நாப்கின் தொட்ட இடத்தில் மட்டும், இரு பக்கமும் ஒரே மாதிரி, காந்தல் அதிகம் அரிப்பு குறைவு, மூன்றாம் நாள் உச்சம், நிறுத்தியதும் ஒரு வாரத்துக்குள் தெளிவு, எந்த பிராண்டிலும் வருகிறது. இது உரசல் எரிச்சல். மாற வேண்டியது பிராண்ட் அல்ல, பத்து மணி நேரம்.

நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. வெயில் காலத்தில், நின்று நடந்து செய்யும் வேலையில், நான்கின் பக்கம் இருப்பது நல்லது. நாப்கின் இன்னும் நிறையவில்லையே என்று தோன்றும். நிறைவது கறைக்குத்தான் கணக்கு. தோலுக்கு வியர்வையும் சூடும் கணக்கு, ரத்தம் குறைவாகப் போகும் நாளிலும் அவை குறைவதில்லை. அதனால் அவளுக்குப் பெரிய நாப்கின் ஒன்றைவிடச் சிறிய நாப்கின் இரண்டு மேல். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. பழையதைச் சுருட்டிச் செய்தித்தாளில் மடித்துப் பையில் போட்டு எடுத்துவர ஒரு மூடிய உறை. காலையில் நாப்கின் வைக்கும் முன், உள்தொடையில் விங்ஸ் உரசும் கோட்டில் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிய பூச்சாக. நாப்கின் படும் நடுப்பகுதியில் அப்பிவிடக் கூடாது, அது மேல் ஏட்டின் ஓட்டைகளை அடைத்து உறிஞ்சுவதைக் கெடுக்கும். ஜட்டி பருத்தியில், சரியான அளவில். தளர்ந்த ஜட்டியில் நாப்கின் அசைந்துகொண்டே இருக்கும், மிக இறுக்கமான ஜட்டியில் ஓரம் அறுக்கும்.

இதையெல்லாம் செய்தும் அடுத்த இரண்டு மாதமும் வருகிறது என்றால் அப்போதுதான் பொருளைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் ஒரு முறை இருக்கிறது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. முதல் மாதம் வெட் வைப்ஸையும் வாசனை சோப்பையும் மட்டும் நிறுத்திப் பாருங்கள். அப்புறமும் வந்தால் அடுத்த மாதம் வாசனை இல்லாத நாப்கின். அதுவும் சரிவரவில்லை என்றால் நாப்கினையே விட்டுத் துணிக்கோ மென்ஸ்ட்ருவல் கப்புக்கோ ஒரு மாதம் போய்ப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றினால் சரியாகிவிடக்கூடும், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசின் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பொட்டலம் இலவசமாகத் தருவார்கள், பொட்டலத்துக்கு ஆறு நாப்கின். ஆக, மாதவிடாய்க்கு ஒன்பது. ஐந்து நாள் போகும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு இரண்டுகூட முழுதாக வராது. அதை மட்டுமே நம்பியிருக்கும் மாணவி ஒரு நாப்கினைப் பகல் முழுக்க வைத்திருந்தால், அவளிடம் "அடிக்கடி மாற்று" என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. வீட்டிலிருக்கும் நேரத்துக்குத் துணி, பள்ளிக்குப் போகும் நேரத்துக்கு நாப்கின் என்று பிரித்துக்கொண்டால் அதே ஒன்பது போதும்.

துணி கெட்டதல்ல, ஈரத் துணிதான் கெட்டது

துணி என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. தோலை மட்டும் வைத்துப் பார்த்தால் நல்ல பருத்தித் துணி பிளாஸ்டிக் படலத்தைவிட இதமானது. காற்று போகும், பசை கிடையாது, வாசனை கிடையாது. பழைய வேட்டித் துணியும் நூல் புடவையும் பல முறை துவைத்து மென்மையானவை என்பதால்தான் நம் பாட்டிகள் அவற்றை எடுத்து வைத்தார்கள். பாலியஸ்டர் புடவைக் கிழிசல் அந்தக் கணக்கில் வராது. அது உறிஞ்சாது, உரசும்.

துணியில் சிக்கல், பயன்படுத்தும்போது வருவதைவிடக் காயவைக்கும்போதுதான் அதிகம் வருகிறது. நான் விடுதியில் இருந்த காலத்தில் மொட்டை மாடிக் கொடியில் இதைப் போட யாருக்கும் துணிச்சல் இருக்காது. கட்டிலுக்குப் பின்னால், ஈரத் துண்டுக்கு அடியில், வாளிக்கு மேல் என்று ஒளித்து வைப்போம். மறுநாள் எடுத்தால் தொடுவதற்குக் காய்ந்தது போலத்தான் இருக்கும். மடிப்புக்குள் ஈரம் இருக்கும். அதைத்தான் கட்டுவோம்.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஒடிசாவில் இரண்டு மருத்துவமனைகளுக்கு வந்த 558 பெண்களைப் பரிசோதித்து 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. திரும்பப் பயன்படுத்தும் துணி வைத்தவர்களிடம் கேண்டிடா தொற்று அதிகம் இருந்தது. அந்தத் துணிக்காரர்களுக்குள்ளும், வீட்டுக்கு உள்ளேயே காயவைத்தவர்களிடமும் கழிப்பறையில் ஒளித்து வைத்தவர்களிடமும் அது கூடுதலாகத் தெரிந்தது. பூஞ்சைக்கு வேண்டியது இருட்டும் ஈரமும். நாம் வெட்கத்தால் தேர்ந்தெடுக்கும் இடங்களில் அந்த இரண்டும் தாராளமாகக் கிடைக்கின்றன.

துவைப்பதில் முதல் விதி பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்டால் ரத்தத்தில் உள்ள புரதம் முட்டை வெந்தது போல உறைந்து நூலில் ஒட்டிக்கொள்ளும், கறையும் போகாது. அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு சோப்பு. இரவெல்லாம் ஊறவிட்டால் நாற்றம்தான் ஏறும். அடுத்து அலசல். சோப்பு போடுவதைவிட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நுரை நின்றால் போதாது, பிழியும்போது கையில் வழுவழுப்பு இருக்கக் கூடாது. தங்கிய சோப்புத் தூள் துணியை விறைப்பாக்கும், ஈரம் பட்டதும் கரைந்து நேராகத் தோலில் இறங்கும். "துணி எனக்கு ஒத்துக்கல" என்பவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது சோப்புத்தான். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் வேண்டவே வேண்டாம். அது உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும், வாசனையை நூலில் விட்டுவிடும். கறை போன பிறகு, மாதவிடாய் முடிந்ததும் ஒருமுறை எல்லாத் துணியையும் கொதிக்கும் நீரில் போட்டு எடுப்பது நல்ல பழக்கம்.

காயவைக்க வெயில்தான் சிறந்தது. மறைத்தே ஆக வேண்டுமென்றால் மேலே கனமான துண்டு போடாமல் மெல்லிய பருத்தித் துப்பட்டா போடுங்கள், அதற்குள் வெயிலும் காற்றும் போகும். ஐப்பசி மழையில் என்ன செய்வது? தடித்துத் தைத்த துணி நாப்கினைவிட விரித்துக் காயவைக்கக்கூடிய, மடித்துக் கட்டும் மெல்லிய துணி அந்த மாதங்களுக்கு உகந்தது. மின்விசிறிக்குக் கீழே காயவைத்து, கடைசியாக இஸ்திரி போட்டால் மிச்ச ஈரமும் போகும். காய்ந்ததா என்று கையால் பார்க்காதீர்கள், உழைத்த கைக்கு அது தெரியாது. மடித்துக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காய்ந்ததைப் பருத்திப் பையில், அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரும் பாத்ரூம் ஜன்னலும் வேண்டாம். துவைத்தும் நாற்றம் போகாத, ஓரம் பிரிந்து முரடான துணியைத் தூக்கிப் போட்டுவிடலாம். துணியையும் நான்கு ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். நனைந்த துணி நனைந்த நாப்கினைவிடச் சீக்கிரம் உரசும், ஏனென்றால் ஈரத்தைப் பூட்டிவைக்க அதில் குருணை இல்லை.

தினமும் லைனர்

பான்டி லைனர் சின்னது, மெல்லியது, அதனால் தீங்கில்லாதது என்று நினைக்கிறோம். நாப்கின் மாதத்தில் ஐந்து நாள். தினமும் லைனர் வைப்பவருக்கு முப்பது நாளும் பாலித்தீன் மேல்தான் உட்காரல், தோலுக்கு ஆறுவதற்கு இடைவெளியே கிடையாது. வெள்ளைப்படுகிறது என்று லைனர் வைப்பது, அந்த ஈரத்தில் எரிச்சல் வருவது, எரிச்சலைப் பார்த்து ஏதோ தொற்று என்று பயந்து இன்னும் விடாமல் வைப்பது, இப்படியே சுழலும். மாதத்தின் நடுவில் முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுப்பாகப் படுவது இயல்பானது. அதற்கு லைனரைவிடப் பையில் ஒரு மாற்று ஜட்டி போதும். வைத்தே ஆக வேண்டிய நாளில் வாசனை இல்லாததை வையுங்கள், நனைந்ததும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு. இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது என்று சொல்லத் தயங்கி மாதவிடாய் நாப்கினை வைத்துக்கொள்பவர்கள் உண்டு. சிறுநீர் ரத்தத்தைப் போல நிதானமாக வராது, ஒரேயடியாக வரும். மாதவிடாய் நாப்கின் அதை அந்த வேகத்தில் இழுக்காது, தோல் நனைந்தே கிடக்கும். சிறுநீர்க் கசிவுக்கென்றே தனி நாப்கின் விற்கிறது. அதைவிட முக்கியம், கசிவுக்கே சிகிச்சை இருக்கிறது.

வந்துவிட்டால்

நாப்கினையோ லைனரையோ முடிந்த அளவு நிறுத்துங்கள். மாதவிடாய் நடுவில் நிறுத்த முடியாது என்றால் வீட்டிலிருக்கும் நேரமாவது மென்மையான துணிக்கு மாறுங்கள். கழுவுவதற்கு வெறும் தண்ணீர். குளியல் சோப்பு பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது, புண்ணான தோலில் அது இன்னும் எரிக்கும். தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றிக் கழுவுவது நம் வீடுகளில் பெரிய பழக்கம். உரசலால் வந்த புண்ணில் கொல்லக் கிருமியே இல்லாதபோது அது கொல்வது தோலைத்தான். பவுடர் ஈரத்தில் கட்டிபிடித்து உப்புத்தாள் போல உரசும். மஞ்சள், எலுமிச்சை போன்ற சமையலறை வைத்தியங்களுக்கும் இது இடமல்ல. துண்டால் ஒற்றி எடுத்து, பெட்ரோலியம் ஜெல்லியோ துத்தநாக ஆக்சைடு க்ரீமோ மெல்லியதாகப் பூசி, இரவில் தளர்ந்த பாவாடையோ நைட்டியோ போட்டுத் தூங்குங்கள். உரசல் எரிச்சல் என்றால் மூன்று நான்கு நாளில் முன்னேற்றம் தெரிய வேண்டும்.

செய்யவே கூடாதது ஒன்று, அதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் போய் "தொடை இடுக்குல அரிப்பு" என்று மெல்லச் சொன்னால், ஒரே ட்யூபில் மூன்று மருந்து கலந்த க்ரீமை எடுத்துக் கொடுப்பார்கள். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே ஒரு ஸ்டீராய்டு. ட்யூபின் மேல் கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அதுதான் ஸ்டீராய்டு. இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடும். அற்புதம் என்று வீட்டில் இன்னொருவருக்கும் கொடுப்போம். நிறுத்தியதும் திரும்ப வரும், திரும்பப் பூசுவோம். அது படர்தாமரையாக இருந்தால், ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பை அமுக்கிவைக்கும், பூஞ்சை ஓசையில்லாமல் பரவும், வட்ட வடிவமே மாறிப்போய் மருத்துவருக்கே அடையாளம் காண்பது சிரமமாகும். வெறும் உரசல் எரிச்சலாக இருந்தாலும், தொடை இடுக்கின் தோல் மெல்லியது. வாரக்கணக்கில் பூசினால் இன்னும் மெலிந்து, பிரசவத் தழும்பு போலக் கோடுகள் விழும். அவை போகாது. இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள் என்பது கடைக்காரருக்கும் தெரியும். மருத்துவரே சில நாளுக்கு லேசான ஸ்டீராய்டு எழுதிக் கொடுப்பது வேறு விஷயம். அவர் எதற்கு, எத்தனை நாள் என்று பார்த்துத்தான் கொடுக்கிறார்.

கொப்புளம், சீழ், ஆறாத புண், காய்ச்சல், வட்டமாகப் பரவும் படை இருந்தால் காத்திருக்க வேண்டாம். நாப்கினை நிறுத்தி ஒரு வாரமாகியும் குறையவில்லை என்றாலும் அப்படித்தான். மாதவிடாய் நின்ற வயதில் அரிப்போடு தோல் வெளுத்துத் தெரிந்தால், அது நாப்கினோடு சம்பந்தமில்லாத தோல் நோயாக இருக்கலாம், காட்டியே ஆக வேண்டும். பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வருபவர்கள் சர்க்கரையையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். நாப்கினைக் குறை சொல்லிக்கொண்டிருந்த சிலருக்கு நீரிழிவு இப்படித்தான் தெரியவருகிறது.

ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால் தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் செய்வார். சந்தேகப் பொருட்களைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விடுவார்கள். எடுத்ததும் ஒருமுறை பார்ப்பார்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள், ஏனென்றால் சிலருக்கு இரண்டாவது முறைதான் சிவக்கும். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது. அதனால் தலைக்கு ஊற்ற வேண்டிய நாள், கல்யாண வீடு எல்லாவற்றையும் பார்த்து வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். போகும்போது நாப்கின் உறையை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், உறையில் எல்லாப் பொருளும் அச்சிட்டிருக்காது. பயன்படுத்தாத ஒரு நாப்கின், லைனர், வெட் வைப்ஸ், சோப்பு, இதுவரை பூசிய க்ரீம் ட்யூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.